"ஃபே பா ஷோ" என்றால் சூடா, குளிரா?

11 ஜனவரி, காலை 9.10. லா கூர்நேவ் வாசகி

பாரிஸின் வடக்குப் புறநகரில் குடியேறி எனக்கு இது இரண்டாவது குளிர்காலம். ஐந்தாம் மாடியில் குடியிருக்கும் மூதாட்டி ஒருவர் தினமும் காலையில் தம் சிறிய நாயுடன் மின்தூக்கியில் ஏறுவார். இன்று அவர் கழுத்துத் துணியை மூக்குவரை இழுத்து மூடிக்கொண்டு, என்னைப் பார்த்து "ஃபே பா ஷோ, ஸ மத்தான்" என்றார். "ஷோ" என்றால் சூடு, "மத்தான்" என்றால் காலை என்று வகுப்பில் படித்திருக்கிறேன். ஆகவே ஆமாம், ஆமாம், சூடாக இருக்கிறது என்ற பொருளில் "வுயி, வுயி, இல் ஃபே ஷோ" என்று சிரித்தபடி பதில் சொன்னேன். அவர் என்னை ஒரு கணம் உற்றுப் பார்த்துவிட்டுத் தரைத்தளம் வரை நாயுடன் மட்டும் பேசினார். வெளியே வந்து பார்த்தால் கார்க் கண்ணாடிகளில் எல்லாம் உறைபனி படிந்திருந்தது. அவர் சொன்னதன் பொருள் என்ன, நான் என்ன பதில் சொல்லியிருக்க வேண்டும்?

11 ஜனவரி, காலை 9.45. ஸ்ட்ராஸ்பூர்க் அண்ணன்

தங்கச்சி, குளிருக்கு ஒரே தடித்த மேலங்கியை நம்பாதீர்கள். உள்ளே மெல்லிய சட்டை, நடுவில் கம்பளி, வெளியே காற்றுப் புகாத அங்கி என்று மூன்று அடுக்காக உடுத்தினால் மின்தூக்கியிலும் வியர்க்காது, தெருவிலும் நடுங்காது. நான் பதினாறு குளிர்காலம் கண்டவன்.

11 ஜனவரி, காலை 10.30. துலூஸ் மாணவன்

அண்ணா, அக்கா கேட்டது உடையைப் பற்றி அல்ல, வாக்கியத்தைப் பற்றி. "பா" என்பது எதிர்மறைச் சொல். முழு வாக்கியம் "இல் ந ஃபே பா ஷோ". பேச்சில் "இல்", "ந" இரண்டும் விழுந்துவிடும். "இல்" என்பது வானத்தைக் குறிக்கும். வானம் சூட்டைச் செய்யவில்லை என்பதே நேரடிப் பொருள். ஆகவே அவர் "சூடாக இல்லை" என்றுதான் சொல்லியிருக்கிறார். எதிர்மறை வாக்கியத்தை ஒப்புக்கொள்ள "நோன்" என்றுதான் சொல்ல வேண்டும், "வுயி" எப்போதுமே தவறு.

11 ஜனவரி, இரவு 8.20. மருந்துக்கடைக்காரர்

நான் காரைக்காலில் பள்ளிப் பருவத்திலேயே பிரெஞ்சு படித்தவன். பின்னர் லியோனில் இருபத்திரண்டு ஆண்டுகள் மருந்துக்கடை முகப்பில் நின்றவன். வருகிற ஒவ்வொருவரும் மருந்துச் சீட்டை நீட்டும் முன் வானிலையைப் பற்றி ஒரு வாக்கியமாவது சொல்வார்கள்; அதற்குப் பதில் சொல்லாமல் சீட்டை வாங்கினால் முகம் சுருங்கிவிடும். ஆகவே இந்தக் கேள்வி எனக்கு மிகவும் நெருக்கமானது.

தம்பி சொன்னதில் பாதி சரி. சொற்கள் விழுவதைப் பற்றிச் சொன்னது முற்றிலும் சரி. ஆனால் அந்த மூதாட்டி "சூடாக இல்லை" என்று செய்தி சொல்லவில்லை, "என்ன குளிர்!" என்கிறார். ஒன்றை வலியுறுத்த அதன் எதிர்ச்சொல்லை மறுத்துச் சொல்வது பிரெஞ்சுப் பேச்சில் ஊறிய வழக்கம். சாப்பாடு நன்றாக இருந்தால் "மோசமில்லை" என்பார்கள், கெட்டிக்காரனை "முட்டாள் இல்லை" என்பார்கள். நமக்கும் இது புதியதன்று. கத்திரி வெயிலில் திண்ணையில் அமர்ந்து "கொஞ்ச வெயிலா அடிக்கிறது?" என்று யாராவது கேட்டால், வெயில் கொஞ்சமா அதிகமா என்று ஆராய்ந்தா பதில் சொல்கிறோம்? அதே காதால்தான் இதையும் கேட்க வேண்டும்.

"இல்" என்பது வானமும் இல்லை. மழை பெய்கிறது என்பதற்கு "இல் ப்ளெ" என்கிறோம். அங்கே "இல்" இருக்கும் இடத்தில் வானம் என்ற சொல்லை வைத்துப் பாருங்கள், எந்தப் பிரெஞ்சுக்காரரும் அப்படிப் பேச மாட்டார். வாக்கியத்துக்கு எழுவாய் இல்லாமல் இருக்கக் கூடாது என்பதற்காக வைக்கப்பட்ட காலிநாற்காலி அது. தமிழில் மழைதான் பெய்கிறது, மழைதான் வருகிறது. பிரெஞ்சில் மழை என்பதே வினையாகிவிடுகிறது. நான் லியோனுக்கு வந்த முதல் ஆண்டு, மேகம் திரண்டதைப் பார்த்து "லா ப்ளூயி வியான்" என்றேன். "மழை வருது" என்பதை அப்படியே சொல்லுக்குச் சொல் மாற்றியிருந்தேன். கடை உரிமையாளர் பொறுமையாக "இல் வா ப்ளெவ்வுவார்" என்று திருத்தினார்.

பதிலைப் பற்றி நாளை எழுதுகிறேன். அது தனியாக எழுத வேண்டியது.

12 ஜனவரி, காலை 7.50. மருந்துக்கடைக்காரர்

தமிழில் ஒருவர் "இன்று வெயில் இல்லை" என்றால், ஒப்புக்கொள்பவர் "ஆமாம்" என்கிறார். அவர் சொன்னது உண்மை என்பதற்கான ஆமாம் அது. பிரெஞ்சில் "நோன்" என்கிறார்கள். இல்லை என்று நானும் சொல்கிறேன் என்பது அதன் பொருள். மறுக்க வேண்டுமென்றால் "சீ" என்ற தனிச் சொல் இருக்கிறது. நம்மவர்கள் இங்கேதான் அதிகம் இடறுகிறார்கள், ஏனென்றால் பிரெஞ்சில் பேசும்போதும் மனத்துக்குள் "ஆமாம்" என்றுதான் எழுகிறது. ஆகவே "ஃபே பா ஷோ" என்று கேட்டவுடன் "ஆ நோன்!" என்று சொல்லிவிட்டு, கூடவே ஒரு சிறு சொல்லைச் சேருங்கள். குளிர் ஊசியாய்க் குத்துகிறது என்ற பொருளில் "ஸா பீக்!" என்றால் போதும். ஒப்புக்கொள்வதும், நம் பங்குக்கு ஒரு துளி சேர்ப்பதும்தான் எதிரில் இருப்பவர் எதிர்பார்ப்பது. வெப்பமானியில் எத்தனை பாகை என்று சொல்லத் தேவையே இல்லை.

ஆனால் "வுயி" எப்போதுமே தவறு என்று தம்பி சொன்னதை ஏற்க மாட்டேன். "வுயி, நீங்கள் சொல்வது உண்மைதான்" என்ற பொருளில் "வுயி, ஸே வ்ரே" என்று சொல்வதை நான் முகப்பில் நின்று எத்தனையோ முறை கேட்டிருக்கிறேன்.

12 ஜனவரி, பகல் 1.15. துலூஸ் மாணவன்

வானத்தைப் பற்றிய திருத்தத்தை ஏற்கிறேன், ஐயா. "வுயி" பற்றி எங்கள் ஆசிரியை வேறு மாதிரிச் சொல்கிறார்: "ஸே வ்ரே" சேர்ந்தால் மட்டுமே அது நிற்கும், தனியாக நின்றால் கேட்பவர் ஒரு நொடி தடுமாறுவார் என்கிறார்.

12 ஜனவரி, இரவு 9.00. மருந்துக்கடைக்காரர்

தலையசைப்போடு தனியாகவும் கேட்டிருக்கிறேன். வகுப்பறை ஒன்று சொல்கிறது, கடை முகப்பு ஒன்று சொல்கிறது; இதை இப்படியே விடுவோம்.

13 ஜனவரி, காலை 8.35. லா கூர்நேவ் வாசகி

இன்று மின்தூக்கியில் நானே முந்திக்கொண்டு "ஜ சுயி ஃப்ருவாத்" என்றேன். "எனக்குக் குளிர்கிறது" என்று சொன்னதாக நினைத்தேன். அவர் சிரித்து என் கையைத் தொட்டுப் பார்த்தார். இதிலும் பிழையா?

13 ஜனவரி, இரவு 7.40. மருந்துக்கடைக்காரர்

பிழைதான், ஆனால் அவர் உங்கள் கையைத் தொட்டுப் பார்த்தது அந்தப் பிழைக்கு மிகச் சரியான பதில். நீங்கள் சொன்னது, நீங்களே ஒரு குளிர்ந்த பொருள் என்று. மனிதரைப் பற்றி அப்படிச் சொன்னால், ஒட்டுறவு இல்லாத குணமுடையவர் என்றோ, உயிர் பிரிந்த உடல் என்றோதான் கொள்வார்கள்.

பிரெஞ்சு இதை மூன்றாகப் பிரித்து வைத்திருக்கிறது. வெளியே இருக்கும் குளிருக்கு "இல் ஃபே ஃப்ருவா". அதை உணரும் உடம்புக்கு "ஜே ஃப்ருவா", அதாவது என்னிடம் குளிர் இருக்கிறது. தொட்டால் சில்லென்று இருக்கும் பொருளுக்கு மட்டுமே, நீங்கள் "ஜ சுயி" என்று வைத்த அந்த "இரு" வினை வரும்: காப்பி ஆறிப்போனால் "ல கஃபே ஏ ஃப்ருவா". இப்போது தமிழைப் பாருங்கள். குளிராக இருக்கிறது, எனக்குக் குளிர்கிறது, காப்பி ஆறிவிட்டது. நாமும் மூன்றையும் மூன்று விதமாகத்தான் சொல்கிறோம். "எனக்கு" என்று நான்காம் வேற்றுமையில் உடம்பைத் தள்ளி நிறுத்தி, குளிர் அதன்மேல் வந்து படிவதாகச் சொல்லும் நமக்கு "ஜே ஃப்ருவா" இயல்பாக வந்திருக்க வேண்டும். இடையில் ஆங்கிலத்தின் வழியாகச் சுற்றிவந்ததால்தான் "நான் குளிர்" என்று விழுந்துவிட்டது. பிரெஞ்சு படிக்கும் தமிழ்ப் பிள்ளைகளுக்கு நான் ஓயாமல் சொல்வது இதுதான்: குளிர், சூடு, பசி, தாகம் நான்குக்கும் ஆங்கிலத்தை மறந்துவிட்டுத் தமிழிலிருந்து நேராகப் போங்கள்.

இன்னொன்றையும் முன்கூட்டியே சொல்லி வைக்கிறேன். கோடையில் வியர்க்கும்போது "ஜே ஷோ" என்றே சொல்லுங்கள். அந்த இடத்தில் "ஜ சுயி" வைத்தால், குறிப்பாக ஒரு பெண் சொன்னால், அது காம வேட்கையைக் குறித்துவிடும்.

2 பிப்ரவரி, மாலை 6.05. சென் தெனி வாசகர்

பூமத்திய ரேகைக்குத் தெற்கே இருக்கும் பிரெஞ்சுத் தீவான ரெயூனியோனிலிருந்து எழுதுகிறேன். நீங்கள் எல்லோரும் ஜனவரியைக் குளிர் என்றே பேசுகிறீர்கள். இங்கே ஜனவரிதான் கொடும் வெக்கை, புயல் பருவமும் இதுதான். பிள்ளைகளுக்கு நீண்ட பள்ளி விடுமுறை டிசம்பர் நடுவில் தொடங்கி ஜனவரி கடைசிவரை. இங்கே "இவேர்", அதாவது குளிர்காலம், என்றால் ஜூலை. முன்பின் தெரியாதவரோடு பேச்சைத் தொடங்கும்போது, நாங்கள் குளிரை விட்டுவிட்டு, கடலில் சுழல் ஏதும் உருவாகியிருக்கிறதா என்றுதான் கேட்போம். 2007இல் கமேத் புயல் வந்தபோது மலைமேல் மூன்று நாளில் 3,900 மில்லிமீட்டருக்கும் மேல் மழை பெய்தது. அப்படிப்பட்ட ஊரில் வானிலைப் பேச்சு பொழுதுபோக்குக்கு இல்லை. அதே மாதப் பெயர்கள், அதே பாடப்புத்தகம். ஆனால் பாரிஸ் வானத்தை வைத்து எழுதியது.

2 பிப்ரவரி, இரவு 10.10. மருந்துக்கடைக்காரர்

இது என் மனத்தில் வெகுநாளாகக் கிடப்பது. பிரெஞ்சுப் புரட்சிக்காரர்கள் 1793இல் பழைய மாதங்களை நீக்கிவிட்டு, வானிலையையும் வயல்வேலையையும் வைத்துப் புதிய பெயர் சூட்டினார்கள். பனிமூட்ட மாதம் "ப்ருய்மேர்", பனிப்பொழிவு மாதம் "நிவோஸ்", மழை மாதம் "ப்ளுவியோஸ்". கேட்க அழகான பெயர்கள். ஈற்றொலியைக் கேட்டாலே எந்தப் பருவம் என்று தெரிந்துவிடும். ஆனால் டிசம்பர் கடைசியில் தொடங்கும் நிவோஸ் மாதத்தில் ரெயூனியோனில் வியர்த்துக் கொட்டியிருக்கும். 1806 பிறந்தபோது அந்த நாட்காட்டி கைவிடப்பட்டது. தீவில் இருப்பவர் சொன்ன குறை அந்தக் காலத்துக்கும் பொருந்துகிறது.

19 மார்ச், மாலை 5.30. ஸ்ட்ராஸ்பூர்க் அண்ணன்

முதல் நாள் கேள்வியைப் புரிந்துகொள்ளாமல் எழுதிவிட்டேன், தங்கச்சி பொறுத்துக்கொள்ள வேண்டும். இப்போது எனக்கு நேர்ந்ததைச் சொல்கிறேன், யாருக்காவது பயன்படும். போன ஆண்டு ஒரு கண் மருத்துவரிடம் தொலைபேசியில் நேரம் வாங்கினேன். "ல தூஸ் ஜுவேன்" என்று காதில் விழுந்ததாக ஜூன் 12 அன்று விடுப்பு எடுத்துக்கொண்டு போனால், எனக்குக் கொடுத்திருந்தது "ல தெ ஜுயியே", ஜூலை 2. நான்கு மாதம் காத்திருந்த நேரம் அது. நாள், மாதம் இரண்டுமே காதை ஏமாற்றிவிட்டன.

19 மார்ச், இரவு 8.45. மருந்துக்கடைக்காரர்

இரண்டு மாதங்களும் ஒரே ஒலியில் தொடங்குவதால், தொலைபேசி இரைச்சலில் வால் பகுதி கரைந்துவிடும். மாதப் பெயரைக் கேட்டவுடன் எண்ணால் திருப்பிக் கேளுங்கள்: "ஸேரோ சீஸ்?" என்றால் ஆறாம் மாதம், "ஸேரோ ஸெத்?" என்றால் ஏழாம் மாதம். இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை, பிரெஞ்சுக்காரர்களே அப்படிக் கேட்கிறார்கள். ஆகஸ்டை இன்னும் கவனமாகக் கேட்க வேண்டும். சிலர் "ஊ" என்பார்கள், சிலர் "ஊத்" என்பார்கள். இரண்டும் சரிதான். மாதத்தின் முதல் நாளுக்கு மட்டும் "ப்ரமியே", அதாவது முதலாவது. மற்ற நாள்களுக்கு வெறும் எண்.

20 மார்ச், காலை 11.00. துலூஸ் மாணவன்

இன்று வசந்தம் பிறக்கிறது, ஆகவே ஒரு சிறிய விதி. கோடை, இலையுதிர்காலம், குளிர்காலம் மூன்றுக்கும் முன்னால் "ஆன்" வரும்: "ஆன் நெத்தே", "ஆன் நோத்தோன்", "ஆன் நிவேர்". வசந்தத்துக்கு மட்டும் "ஓ ப்ரான்தான்". முதல் மூன்றும் உயிரொலியில் தொடங்குகின்றன, வசந்தம் மெய்யில் தொடங்குகிறது. மாதங்களுக்கு இந்தக் கவலை இல்லை, எல்லாவற்றுக்கும் "ஆன்" தான்.

20 மார்ச், பகல் 12.20. மருந்துக்கடைக்காரர்

இதில் திருத்த ஒன்றுமில்லை, தம்பி. அந்த "ப்ரான்தான்" என்ற சொல்லின் வாலில் இருக்கும் "தான்" என்பதையும் கவனியுங்கள். அதற்கு வானிலை என்றும் பொருள், கடந்துபோகும் காலம் என்றும் பொருள். என் மாணவர்கள் இது குழப்புகிறது என்பார்கள். மழைக்காலம், போன காலம் என்று ஒரே சொல்லை இரண்டுக்கும் வைத்திருக்கும் நமக்கு இதில் என்ன குழப்பம்?

14 ஏப்ரல், காலை 9.05. லா கூர்நேவ் வாசகி

இன்று வெயில் பளிச்சென்று இருந்ததால் மேலங்கியை வீட்டிலேயே விட்டுவிட்டு இறங்கினேன். "இல் ஃபே போ!" என்றேன். மூதாட்டி என் கைகளைப் பார்த்து "வுயி, மே ஆன் அவ்ரில்..." என்று இழுத்து நிறுத்தி, விரலை ஆட்டினார். ஆமாம், ஆனால் ஏப்ரலில், என்று சொல்லிவிட்டு மீதியை ஏன் சொல்லாமல் விட்டார்?

14 ஏப்ரல், இரவு 7.30. மருந்துக்கடைக்காரர்

மீதியை நீங்கள் அறிவீர்கள் என்று நினைத்ததால்தான். "ஆன் அவ்ரில், ந த தேகூவ்ர் பா தன் ஃபீல்." ஏப்ரலில் ஒரு நூலைக்கூடக் களையாதே என்பது பொருள். ஒருவர் "ஆடிப்பட்டம்" என்றால் "தேடி விதை" என்று நம் வாய் தானாக முடிக்கும் அல்லவா, அப்படித்தான். அவர் உங்களை ஊர்க்காரராகவே எண்ணிப் பாதியில் நிறுத்தியிருக்கிறார். இதற்குத் தொடர்ச்சியும் உண்டு: மே மாதத்தில் உன் விருப்பம்போல் செய்துகொள்.

ஆனால் மே மாதத்தையும் முழுதாக நம்புவதில்லை. மே 11, 12, 13 மூன்று நாளும் பனிப் புனிதர்களின் நாள்கள் என்று பெயர் பெற்றவை. அவை கடக்கும்வரை தக்காளி நாற்றையும் பூச்செடியையும் வெளியே வைக்கக் கூடாது என்பது தோட்டக்காரர்களின் கணக்கு. ஒவ்வொரு ஆண்டும் அந்தத் தேதிகளில் பனி விழும் என்றில்லை. ஆனால் மே நடுவில் விடியற்காலை உறைபனி வருவது உண்டு, ஒரே இரவில் நாற்று கறுத்துப்போகும்.

15 ஏப்ரல், மாலை 6.15. சென் தெனி வாசகர்

வெப்பத்துக்கு மட்டும் அங்கே பேச்சுச் சொல் குறைவோ என்று எனக்குத் தோன்றுகிறது. புழுக்கத்துக்கு என்ன சொல்வீர்கள்?

15 ஏப்ரல், இரவு 9.50. மருந்துக்கடைக்காரர்

"இல் ஃபே லூர்." கனமாக இருக்கிறது என்று நேர்ப்பொருள். இடிமழைக்கு முன் காற்றே அசையாமல் சட்டை முதுகில் ஒட்டுமே, அந்த நேரத்துக்கு உரியது. வெறும் வெயிலுக்குச் சொல்லக் கூடாது.

பல நாள் தொடரும் கடும் வெப்பத்துக்குக் "கனிகுல்" என்று பெயர். நாய் விண்மீன் என்று சொல்லப்படும் ஒரு விண்மீனிலிருந்து வந்தது. நாம் அக்கினி நட்சத்திரம் என்று கோடை உச்சத்தை ஒரு நட்சத்திரத்தின் பெயரால் சொல்வதுபோல. அந்தச் சொல்லை நான் இலேசாகச் சொல்வதில்லை. 2003 ஆகஸ்டில் அந்த வெப்பம் பிரான்சில் ஏறத்தாழ 15,000 உயிர்களைக் கொண்டுபோனது. பெரும்பாலோர் முதியவர்கள், பலர் தனியாக இருந்தவர்கள். அதன்பின் கோடையில் முதியவர் யாராவது கடைக்கு வந்தால் "இந்த வெப்பம் தாங்க முடிகிறதா, தண்ணீர் குடிக்கிறீர்களா?" என்று கேட்காமல் நான் அனுப்பியதில்லை. வாசகி அம்மா, ஆகஸ்டில் அந்த மூதாட்டியை இரண்டு நாள் மின்தூக்கியில் காணாவிட்டால் ஐந்தாம் மாடிக்கு ஏறிப்போய்க் கதவைத் தட்டுங்கள்.

12 மே, காலை 8.50. லா கூர்நேவ் வாசகி

தட்டுவேன், ஐயா. இன்று நடந்ததைச் சொல்ல வேண்டும். காலையில் ஆறு பாகைதான், தூறலும் இருந்தது. மின்தூக்கிக் கதவு திறந்ததும், நான் முந்தைய இரவே ஒத்திகை பார்த்து வைத்திருந்த வாக்கியத்தைச் சொன்னேன்: "ஒன் ஸ க்ருவாரே ஆன் நொவாம்ப்ர்." நவம்பர் மாதத்தில் இருப்பதுபோல் இருக்கிறது என்று. அவர் உடனே "மான் பார்லே பா!" என்றார். தரைத்தளம் வந்த பிறகும் ஒரு கையால் கதவை மூடவிடாமல் பிடித்துக்கொண்டு பேசிக்கொண்டே இருந்தார். நாய் என் காலணியின் மேல் உட்கார்ந்துவிட்டது. ஜெரேனியம் என்ற பூவின் பெயரும், பனிப் புனிதர்களும், "ஜே தூ ரான்த்ரே" என்பதும் காதில் விழுந்தன. மற்றது புரியவில்லை. "என்னிடம் பேசாதே" என்றா சொன்னார்?

12 மே, பகல் 1.40. மருந்துக்கடைக்காரர்

இல்லை, இல்லை. "அதை ஏன் கேட்கிறீர்கள்!" என்று நாம் அங்கலாய்த்துவிட்டு அரைமணி நேரம் பேசுவோமே, அதுதான் "மான் பார்லே பா". "ஜே தூ ரான்த்ரே" என்றால் எல்லாவற்றையும் உள்ளே எடுத்து வைத்துவிட்டேன் என்று பொருள். உப்பரிகையில் இருந்த பூச்சாடிகளை நேற்றிரவே வீட்டுக்குள் தூக்கி வைத்திருப்பார்.

12 மே, பகல் 2.05. லா கூர்நேவ் வாசகி

நாளை மறுநாள் புனிதர்கள் மூவரும் போய்விடுவார்கள் அல்லவா? சாடிகளைத் திரும்ப வெளியே வைக்க உதவட்டுமா என்று கேட்க நினைக்கிறேன். அதற்கு எந்த வினைச்சொல்?

12 மே, பகல் 2.20. மருந்துக்கடைக்காரர்

"ஸோர்த்தீர்."